555 புத்தகத்திலிருந்து முதல் பாக்கிக் கடிதம் வரை

பாக்கி கேட்டு எழுதும் கடிதத்தில் சிரமமான வரி, தொகையை எழுதும் வரிதான். மரியாதையாக எழுதுவது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது அரை மணி நேர வேலை. கேட்கும் தொகை சரியானதா என்று பார்ப்பதற்கு ஒரு சாயங்காலம் முழுதும் போய்விடும். அந்தச் சாயங்காலத்தைச் செலவழிக்காமல் எழுதிய கடிதத்தில் ஒரு வெள்ளி கூடியிருந்தாலும், வாங்குபவர் அந்த ஒரு வெள்ளியைத்தான் பேசுவார், மீதிப் பணத்தைப் பேசவே மாட்டார்.

இதை ஒரு மாதிரிக் கடையை வைத்துக் காட்டுகிறோம். கடையும் கணக்கும் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் இதில் வரும் பிழைகள் கடன் கொடுக்கும் எல்லாக் கடைகளிலும் வருபவை.

சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணம். செம்மண் சடக்கு பெரிய ரோட்டைத் தொடும் முனையில் ஓர் ஒட்டுக்கடை. பெரட்டுக்குப் போகிறவர்களுக்காக விடியற்காலையிலேயே கடை திறந்துவிடும். கல்லாப்பெட்டியின் பக்கத்தில், அட்டையில் 555 என்று போட்ட சின்னப் புத்தகம் கிடக்கும். மலேசியாவில் கடன் என்றாலே நினைவுக்கு வருவது அந்தப் புத்தகம்தான். அதில் ‘லோரி அண்ணன்’ என்று தலைப்பிட்ட பக்கம் ஒன்று. செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குப் போகும் லோரியை ஓட்டுபவர். பக்கத்தின் கடைசி வரியில் பாக்கி 220.60 என்று எழுதியிருக்கிறது. நவம்பர் 8க்குப் பிறகு அவர் கடைப் பக்கம் வரவில்லை. கடைக்காரர் அதுவரை யாருக்கும் பாக்கிக் கடிதம் எழுதியதில்லை.

முதலில் பேனாவை வைத்துவிட்டுப் புத்தகத்தைப் படிக்க வேண்டும்

கடைக்காரர் முதலில் எழுதிய வரிகள் இவை: “உங்கள் பாக்கி 220.60. மூன்று மாதமாக ஒன்றும் கட்டவில்லை. உடனே கட்டாவிட்டால் மண்டோரிடம் சொல்ல வேண்டி வரும்.” மனத்தாங்கலில் எழுதினால் இப்படித்தான் வரும். மூன்று வாக்கியத்தில் ஒன்றுகூடத் தேறாது என்பதைப் புத்தகமே காட்டிவிடும்.

தனித் தாள் ஒன்றை எடுத்து நடுவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. புத்தகத்தில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் பாக்கித் தொகையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அன்றன்று வாங்கியதையும் அன்றன்று கொடுத்ததையும் மட்டும் தாளில் ஏற்றி, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். ஓடும் பாக்கியில் ஓரிடத்தில் பிழை விழுந்தால் அது கடைசி வரி வரைக்கும் கூடவே வரும். தனித்தனியாகக் கூட்டினால்தான் அது அகப்படும்.

லோரி அண்ணனின் பக்கத்தில் பற்று இப்படி வந்தது. ஆகஸ்டு 92.40, செப்டம்பர் 108.60, அக்டோபர் 117.80, நவம்பர் முதல் எட்டு நாளுக்கு 20.20. மொத்தம் 339.00. வரவு இரண்டு வரி: செப்டம்பர் 5ஆம் தேதி 90, அக்டோபர் 6ஆம் தேதி 50. மொத்தம் 140. கழித்தால் பாக்கி 199.00. புத்தகம் சொல்வதோ 220.60. வித்தியாசம் 21.60.

வித்தியாசம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து கூட்ட ஆரம்பிக்காதீர்கள். அதை முதலில் 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியோ புள்ளி தள்ளியோ எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். 21.60 வெள்ளி என்பது 2,160 காசு. 9ஆல் வகுத்தால் 240 காசு, அதாவது 2.40. புள்ளி ஓர் இடம் தள்ளினால் தொகை பத்து மடங்காகும். அப்போது கூடுதலாகச் சேர்வது அசல் தொகையைப் போல் ஒன்பது மடங்கு. ஆகவே வகுத்து வந்த 2.40 என்ற எண்ணையே பக்கத்தில் தேடலாம். செப்டம்பர் 5ஆம் தேதி 90 வெள்ளி கட்டிய பிறகு மீந்தது சரியாக 2.40. அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் சென்றபோது ‘முன் பாக்கி 24.00’ என்று விழுந்திருக்கிறது. பென்சிலில் எழுதிய புள்ளி, தே கொட்டி ஈரமான தாளில் மங்கிவிட்டது. பென்சில் வேண்டாம், பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

வித்தியாசம் 9ஆல் வகுபடவில்லை என்றால், அதே தொகை பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு வரி விட்டுப்போயிருக்கலாம். அதன் பாதி இருக்கிறதா என்றும் பாருங்கள், கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கலாம்.

புத்தகத்தில் ஏறாதவை

கூட்டல் சரியானாலும் கணக்கு சரியாகிவிடாது. புத்தகத்துக்கு வெளியே கிடக்கும் பணத்தைத் தேட வேண்டும். கல்லாவில் எப்போதும் ஒரே ஆள் இருப்பதில்லை. மனைவி, மகன், தே கலக்கும் தம்பி என்று யார் கையிலும் வாடிக்கையாளர் காசு கொடுத்திருப்பார். அவர்கள் அதை எங்கே குறித்து வைப்பார்கள் என்று யோசித்து அங்கெல்லாம் பாருங்கள்: நாள்காட்டித் தாள், சிகரெட் அட்டையின் உட்புறம், கைப்பேசி. இந்தக் கடையில் செப்டம்பர் 19ஆம் தேதி நாள்காட்டிக் கட்டத்துக்குள் ‘லோரி 20’ என்று கடைக்காரரின் மனைவி எழுதி வைத்திருந்தார். அது புத்தகத்தில் ஏறவே இல்லை. 199.00இல் 20 போனால் 179.00.

அடுத்து, தேதிகளைப் பாருங்கள். அக்டோபரில் வந்த தீபாவளியன்று கடை பூட்டிக் கிடந்தது. ஆனால் அந்தத் தேதியில் 9.60 பற்று எழுதியிருக்கிறது. அந்த வரியில் என்ன வாங்கினார் என்பதும் இல்லை, தொகை மட்டும்தான். மற்ற வரிகளைப் பாருங்கள்: ‘14, தே தாரிக் 2, ரொட்டி சானாய் 2, நாசி லெமாக் 1, 10.40’. தே 2.20 வீதம் 4.40, ரொட்டி 1.50 வீதம் 3.00, நாசி லெமாக் 3.00. கூட்டினால் 10.40 வருகிறது. இந்த வரியை யாரிடமும் காட்டலாம். தீபாவளி வரியைக் காட்ட முடியாது. முதல் நாளோ மறுநாளோ வாங்கியதை ஞாபகத்தில் வைத்துப் பிறகு எழுதியிருக்கலாம், வேறு யாருடையதோ இவர் பக்கத்தில் விழுந்திருக்கலாம்.

நிரூபிக்க முடியாத வரியை விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. 9.60 நஷ்டம்தான். ஆனால் அந்த ஒரு வரியைக் காட்டி, ‘கடையே திறக்காத நாளில் நான் எப்படி அண்ணே சாப்பிட்டேன்’ என்று அவர் கேட்டுவிட்டால் மற்ற வரிகளும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். அக்டோபர் பற்று 108.20 ஆகிறது. மொத்தப் பற்று 329.40, மொத்த வரவு 160. பாக்கி 169.40.

220.60 என்று ஆரம்பித்த தொகை 51.20 குறைந்துவிட்டது. முதலில் எழுதிய வரிகளில் தொகை தவறு. ‘மூன்று மாதமாக ஒன்றும் கட்டவில்லை’ என்பதும் தவறு, அவர் மூன்று தடவை கட்டியிருக்கிறார்.

இன்னொன்றையும் பிரித்துவிடுங்கள். சில கடைகளில் பலகாரத்தோடு கைமாற்றுப் பணமும் அதே பக்கத்தில் ஏறியிருக்கும். அதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். எதற்கும் வட்டி சேர்க்க வேண்டாம். முன்கூட்டிப் பேசாத வட்டியைப் பின்னால் கேட்க இடமில்லை. உரிமம் இல்லாமல் வட்டிக்குப் பணம் கொடுப்பது 1951ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி குற்றம்.

எது பழைய பாக்கி, எது இன்னும் நாள் வராதது

பாக்கி முழுவதும் ஒரே வயதுடையது இல்லை. தோட்டத்துக் கடன் சம்பளத்தோடு சுற்றி வருவது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளம் அந்த மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கைக்கு வர வேண்டும். அதனால்தான் அக்டோபரில் வாங்கிய பற்றை நவம்பர் 7ஆம் தேதி வாக்கில் எதிர்பார்க்கிறோம். நவம்பரில் வாங்கியதற்கு டிசம்பர் 7 வரை நாள் இருக்கிறது.

கட்டிய பணத்தை மிகப் பழைய பற்றிலிருந்து கழித்துக்கொண்டு வாருங்கள். கட்டியது 160. ஆகஸ்டின் 92.40 முழுவதும் தீர்ந்து, 67.60 மீந்து நிற்கும். அது செப்டம்பரின் 108.60இல் கழிய, செப்டம்பரில் 41.00 நிற்கிறது. அக்டோபரின் 108.20 அப்படியே நிற்கிறது. இரண்டும் சேர்ந்து நாள் தாண்டிய பாக்கி 149.20. நவம்பரின் 20.20 அடுத்த சம்பளத்துக்கு உரியது. கடிதத்தில் இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். நாள் வராத 20.20ஐயும் ‘தாமதம்’ என்று எழுதினால் அவருக்கு நியாயமாகவே கோபம் வரும்.

இதைச் செய்துகொண்டிருக்கும்போதே கடன் ஏன் நின்றது என்பதும் தெரிந்துவிடும். செப்டம்பரில் 90, 20 கட்டியவர் அக்டோபரில் 50 கட்டினார், நவம்பரில் ஒன்றும் இல்லை. அக்டோபர், நவம்பர் மழையில் சடக்கு சேறாகி லோரி உள்ளே போக முடியாத நாள்கள் கூடும். நடைக்குக் கூலி வாங்குபவருக்கு வருமானம் இறங்கும். அதோடு தீபாவளிச் செலவு. பால் மரத் தோட்டமாக இருந்தால் இதே இறக்கம் மழைக் காலையிலும், ஆண்டின் தொடக்க மாதங்களில் மரம் இலை உதிர்க்கும்போதும் வரும். கட்டும் தொகை படிப்படியாகக் குறைந்து நின்றிருந்தால் அது பெரும்பாலும் கையில் இல்லாத குறை. நல்ல மாதத்திலும் கட்டாமல், பற்று மட்டும் ஏறிக்கொண்டே போனால் அது வேறு. முதல் வகைக்குத் தவணை கொடுக்கலாம். இரண்டாம் வகைக்குத் தவணை கொடுப்பதற்கு முன் பற்றை நிறுத்த வேண்டும்.

என்ன கேட்பது, எப்போது கேட்பது

கேட்கும் தொகையையும் புத்தகமே சொல்லும். இவர் ஒரு தடவையில் அதிகமாகக் கட்டியது 90 வெள்ளி. ஆகவே அடுத்த சம்பளத்தில் 90, அதற்கடுத்ததில் மீதி 79.40 என்று கேட்பது அவரால் முடிகிற காரியம். 169.40ஐ ஒரே தடவையில் கேட்டால், முழுதும் கொடுக்க முடியாதவர் ஒன்றுமே கொடுக்காமல் அடுத்த கடையில் தே குடிக்கப் போய்விடுவார்.

கடிதத்தைக் கொடுக்கும் நாள், சம்பளத்துக்கு மூன்று நான்கு நாள் முன்னதாக இருக்கட்டும். சம்பளம் வந்த மறுநாள் கேட்டால் பணம் மளிகைக்கும் மோட்டார் தவணைக்கும் போயிருக்கும். மாதத்தின் நடுவில் கேட்டால் கடிதம் மூன்று வாரம் சட்டைப்பையிலேயே கிடந்து மறந்துபோகும். இந்தக் கடைக்கு டிசம்பர் 3 சரியான நாள்.

கிராணியிடம் போய்ச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்வது வேண்டாம். எதைப் பிடிக்கலாம் என்பதை வேலைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. கடைக்காரர் சொன்னார் என்பதற்காகக் கிராணியால் பிடிக்க முடியாது. மண்டோரிடம் சொல்வேன் என்று எழுதியதையும் இதனால்தான் எடுத்துவிட வேண்டும்: பணமும் வராது, ஒருவருடைய கடன் அவருடைய வேலையிடத்துக்குத் தெரிந்ததுதான் மிச்சமாகும். கடைச் சுவரில் பெயர் ஒட்டுவதும், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே வகைதான். தொகை தவறாக இருந்துவிட்டால் அவதூறு வழக்கு வரைக்கும் போகக்கூடும்.

கடிதம்

ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பட்டப்பெயரில் எழுத வேண்டாம். புத்தகத்தில் ‘லோரி அண்ணன்’ இருக்கலாம், கடிதத்தில் அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயர் இருக்க வேண்டும். தெரியாவிட்டால் விசாரித்து எழுதுங்கள். எந்த நாள் வரைக்குமான கணக்கு, எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார், எவ்வளவு நிற்கிறது, எப்போது எவ்வளவு வேண்டும், கணக்கில் சந்தேகம் இருந்தால் என்ன செய்யலாம் என்ற வரிசையில் வந்தால் போதும். கடைக்காரர் இரண்டாம் முறை எழுதியது இது:

> 3 டிசம்பர்
>
> அன்புள்ள அண்ணன் (முழுப்பெயர்) அவர்களுக்கு,
>
> வணக்கம். வீட்டில் எல்லோரும் நலமா? ஆகஸ்டு 1 முதல் நவம்பர் 8 வரை நம் கடைப் பற்றுக் கணக்கை வரி வரியாகச் சரிபார்த்தேன். நீங்கள் வாங்கியது 329.40 வெள்ளி. செப்டம்பர் 5இல் 90, செப்டம்பர் 19இல் 20, அக்டோபர் 6இல் 50 என நீங்கள் கட்டியது 160 வெள்ளி. நிற்கும் பாக்கி 169.40 வெள்ளி. இதில் அக்டோபர் வரையிலான பழைய பாக்கி 149.20, நவம்பர் பற்று 20.20.
>
> இந்த மாதச் சம்பளத்தில், டிசம்பர் 7ஆம் தேதிக்குள் 90 வெள்ளி கொடுத்தால் எனக்கு உதவியாக இருக்கும். மீதி 79.40ஐ ஜனவரி 7க்குள் கொடுங்கள். அதற்கு முடியாது என்றால் எவ்வளவு முடியும் என்று 7ஆம் தேதிக்கு முன் சொல்லுங்கள்.
>
> செப்டம்பரில் என் புத்தகத்தில் ஒரு கூட்டல் பிழை இருந்தது, திருத்திவிட்டேன். கணக்கு நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏதாவது வரி சரியில்லை என்றால் கடைக்கு வாருங்கள், புத்தகத்தை வைத்துக்கொண்டு சேர்ந்து பார்ப்போம்.
>
> தம்பி,
> (கையெழுத்து)

இதில் சில சொற்களைக் கவனியுங்கள். ‘உடனே’ என்று எங்கும் இல்லை, தேதி இருக்கிறது. உடனே என்றால் ஆளுக்கு ஓர் அர்த்தம், டிசம்பர் 7 என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். ‘தயவுசெய்து’ என்று நான்கு இடத்தில் எழுதத் தேவையில்லை, நலம் விசாரித்ததும் அண்ணன் என்று அழைத்ததும் அந்த வேலையைச் செய்துவிடும். தன் பிழையைக் கடைக்காரரே சொன்னதையும் எடுத்துவிடாதீர்கள். முன்பு எப்போதாவது வாய்மொழியாக 220 என்று சொல்லியிருந்தால், குறைந்த தொகையைக் காரணமில்லாமல் எழுதுவது குழப்பத்தைத்தான் தரும்.

வாடிக்கையாளருக்கு மலாய் படிக்க வசதி என்றால் மலாயில் எழுதுங்கள். இந்தோனேசியத் தொழிலாளிகளுக்கும் அதுதான் புரியும். தமிழ் பேசுபவர்களிலும் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மொழியானாலும் எண்கள் ஒன்றே.

கையெழுத்திட்ட கடிதத்துக்கு நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, கடிதத்தை மடித்து உறையில் போட்டு நேரில் கொடுங்கள். கல்லாவின் முன்னால், நாலு பேர் தே குடித்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம். பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பவே கூடாது. ஆள் கடைக்கு வருவதில்லை என்றால் அவருடைய சொந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள், அதே பக்கத்தில் வேறு யாருடைய பெயராவது இருந்தால் தாள் வைத்து மறைத்துவிட்டு எடுங்கள். 555 புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இரண்டு பேர் கணக்கு இருப்பது சாதாரணம்.

அவர் வந்து உட்காரும்போது

அவர் ஏதாவது ஒரு வரியை மறுத்தால் அங்கேயே பேசி முடியுங்கள். தவறு என்று ஒத்துக்கொண்ட வரியை மை பூசி அழிக்காதீர்கள். படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியான தொகையை எழுதி, இருவரும் சுருக்கொப்பம் போடுங்கள். பிறகு பக்கத்தின் அடியில் கோடிட்டு, ‘டிசம்பர் 7 அன்று நிற்கும் பாக்கி’ என்று எழுதி அவருடைய கையெழுத்தை வாங்குங்கள். மேற்கு மலேசியாவில் 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனை வழக்குப் போட்டு வாங்க ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அந்த ஆறு ஆண்டு அன்றிலிருந்து புதிதாக ஓடும். இந்தத் தொகைக்கு வழக்குவரை போவது ஒரு நாள் வியாபாரத்துக்குக்கூடக் கட்டாது. ஆனாலும் அந்தக் கையெழுத்து இருந்தால் அடுத்த மாதம் தொகையைப் பற்றி மறுபடி பேச வேண்டியிருக்காது.

90 வெள்ளியை வாங்கியதும், அதை முதலில் நாள்காட்டியில் எழுதாமல் புத்தகத்தில் அவர் கண் முன்னால் எழுதுங்கள்: தேதி, வரவு 90.00, பாக்கி 79.40. டூயிட்நவ் மூலம் கட்டினால் ‘லோரி’ என்ற குறிப்போடு அன்றே புத்தகத்தில் ஏற்றுங்கள். இரவில் வங்கிச் செயலியைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அதுதான் அடுத்த ‘லோரி 20’ ஆகும். அன்றைக்கு அவர் தே குடித்தால் ரொக்கமாக வாங்குங்கள். பழைய பாக்கி தீரும் வரைக்கும் புதுப் பற்று எழுதுவதில்லை என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

பிறகு புதுப் பக்கம் திறங்கள். தலைப்பில் முழுப்பெயர், அதன் கீழ் ‘முன் பாக்கி 79.40’. புள்ளியை அழுத்தி வைத்து, எழுத்திலும் எழுதுங்கள்: எழுபத்தொன்பது வெள்ளி நாற்பது காசு.